வெனிங் தடுத்து வைத்த குரல்

இந்தோனேசியாவின் மாலாங் நகரின் வடக்கே, பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் காலர் வெட்டுபவள் வெனிங். வயது முப்பத்தாறு. ஒரே அடுக்கில் நாற்பது துணியைப் போட்டு, மின்கத்தியை ஒரு பிசிறில்லாமல் வளைத்துக் கொண்டுவருவாள். கூடத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களில் அவளளவு குறைவாகப் பேசுகிறவர் இல்லை. கேட்டால் சிரிப்பாள். சுராபாயாவிலிருந்து வந்து நான்கு வருடமாகிறது, மணமுறிவு ஆனவள், பிள்ளை இல்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது செனோவைப் பற்றி. செனோ கல்யாண வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் பாடுகிறவன். ஆறு வருடம் அவள் கணவனாக இருந்தான். கோபம் வந்தால் கத்தமாட்டான்; முனக ஆரம்பிப்பான். ஏதாவது ஒரு மெட்டு, மூக்குக்குள்ளேயே, ரொம்பவும் இனிமையாக. முனகிக்கொண்டே சட்டைக்கையை மடித்துவிடுவான். அந்த மெட்டு நின்றால் அடி விழும். ஒருமுறை இடது மணிக்கட்டை முறித்தான். இன்னொருமுறை இரண்டு நாள் அறைக்குள் பூட்டி வைத்தான். மூன்றாம் நாள் அவன் கச்சேரிக்குப் போன நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து அவளை வெளியே விட்டார். சமய நீதிமன்றம் மணமுறிவு தந்த நாளில் அவன் வரவில்லை. அவள் அதே மாதத்தில் ஊரை விட்டாள்.

நான்கு வருடம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் பாட்டு ஒன்று நாடெங்கும் பிடித்துக்கொண்டது.

எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ஜாவா மொழியில் ஏமாற்றிப் போனவளைப் பற்றிப் புலம்பும் பாட்டு. யாரோ ஒரு சின்ன வீடியோவுக்கு அதைப் பின்னணியாகப் போட, அதைப் பார்த்து ஆயிரம் பேர் போட்டார்கள். வெனிங் அதை முதலில் கேட்டது வீட்டுக்குப் போகும் வேனில். ஓட்டுநர் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் வரி வருவதற்கு முன்பே, அந்த முனகலிலேயே, அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்துவிட்டது. தன் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கி, மழையில் நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் பாட்டுச் செயலியைத் திறந்தாள். தனியாக இருப்பவளுக்கு அதுதான் துணை. சமைக்கும்போதும் துவைக்கும்போதும் பழைய சோகப் பாட்டுகளை ஓடவிடுவாள். செனோவின் பெயரைத் தேடினாள். படத்தில் தாடி வைத்திருந்தான். பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி. அதை அழுத்தினால் ஒரு பட்டியல். அதன் அடியில் 'இந்தக் கலைஞரின் பாட்டு வேண்டாம்' என்று ஒரு வரி. அழுத்தினாள். அவன் பாட்டுகளெல்லாம் சாம்பல் நிறமாகின. ஒரு கதவை அவளே சாத்தித் தாழ்போட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் நிம்மதியாக இருந்தாள். பத்தாம் நாள் சோயா டெம்பேத் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பிடித்த ஒரு பாடகியின் புதுப் பாட்டு வந்தது. முதல் சரணம் அவள். இரண்டாவது சரணம் செனோ.

கரண்டியை அப்படியே விட்டாள். எண்ணெய்க் கையால் கைப்பேசியை அழுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அரிசிக்குள்ளிருந்தும் அவன் பாடினான். பாட்டு முடிகிறவரை அடுப்படி மூலையில் குந்தியிருந்தாள். டெம்பே கருகிப் போனது.

அவனேதான் செய்கிறான் என்று தோன்றியது அப்போதுதான். தான் தடுத்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எப்படியோ கைப்பேசிக்குள் வந்துவிட்டான். செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். தடை இன்னும் இருக்கிறதா என்று தினமும் நாலைந்து தடவை அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு முறை வந்தான். அதே புலம்பல் பாட்டு, கைதட்டலும் கோப்பைச் சத்தமுமாக, ஏதோ காப்பிக் கடையில் பதிவு செய்தது. அன்றிலிருந்து வெனிங் வாசல் கதவுக்கு உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

விஷயம் வெளியே வந்தது நஸ்தித்தியால். கூடத்தின் இணையக் கடையைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். படம் எடுத்துப் போடுவது, கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. அதற்கு முன் ஜகார்த்தாவில் மூன்று வருடம், பாடகர்களின் பாட்டுகளைச் செயலிகளில் ஏற்றிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தவள். ஒருநாள் காலை கூடத்து ஒலிபெருக்கியில் செனோ பாட ஆரம்பித்ததும், வெனிங்கின் கத்தி கோட்டைத் தாண்டி நாற்பது காலரையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெனிங்கின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அதனாலேயே வெனிங் சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும், மணிக்கட்டைக்கூடக் காட்டி.

"அவன் என் போனுக்குள்ள வந்துட்டான்" என்றாள்.

நஸ்தித்தி கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "யாரும் வரலைக்கா. நீங்க தடுத்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் சொல்லாது இது. நீங்க சாத்தினது அவன் பேர்ல இருக்கிற பக்கத்தை. அந்தப் பாட்டு இந்தப் பொண்ணோட பக்கத்துல இருக்கு, அவன் கூடப் பாடினவன் மட்டும்தான். அதனால தடை அதுல பிடிக்கலை. காப்பிக்கடைப் பாட்டும் அப்படித்தான், கடைக்காரங்க தங்க பேர்ல ஏத்தியிருக்காங்க. இதுக்குக் குரல் தெரியாது, பேர்தான் தெரியும்."

"அப்ப ஏன் எனக்கே வருது? நான் அவன் பொண்டாட்டியா இருந்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றாள் நஸ்தித்தி. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெனிங் கேட்கிற சோகப் பாட்டுகளைக் கேட்கிற மற்றவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்பது. அந்தக் கூட்டம் இப்போது செனோவைக் கேட்கிறது. அவனைத் தடுத்ததால் அவன் பெயர் மட்டும் விலகியது. வெனிங்கின் ரசனை அதேதான், அதனால் அவனை ஒட்டியிருக்கிற எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கும். தினமும் அவன் பெயரைத் தேடுவதைக்கூட ஆசையென்று அது எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று வெளியாளுக்கு முழுசாகத் தெரியாது, எதற்கும் தேடாமல் இருப்பது நல்லது என்றாள். அந்த டூயட்டையும் காப்பிக்கடைப் பதிவையும் தனித்தனியாகத் தடுத்துக் கொடுத்தாள்.

கூடத்து ஒலிபெருக்கி முதலாளியம்மா ஹர்தாத்திக்கின் கணக்கில் ஓடியது. வெனிங்கின் தடை வெனிங்கின் கணக்கோடு சரி. இங்கே அது செல்லாது. நஸ்தித்தி போய் அங்கேயும் தடுக்கலாமா என்று கேட்டபோது காரணம் சொல்லவில்லை. ஹர்தாத்திக் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நாற்பது காலர் போச்சு. அந்தப் பயல் பாட்டைக் கேட்டா எனக்கே எதையாவது அறுக்கணும் போலத்தான் இருக்கு. தடுத்துத் தொலை" என்றார்.

பிறகு இரண்டு வாரம் கூடத்தில் அந்தக் குரல் கேட்கவில்லை. வெனிங் கத்தியை நேராகப் பிடித்தாள். சாப்பாடு இறங்கியது.

மூன்றாவது வாரம், ஞாயிறு பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாராவாரம் செயலி அவளுக்கென்று தொகுத்துத் தரும் புதுப் பாட்டுப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவதாக ஒரு பாட்டு. பாடியவர் பெயர் 'பிந்து ஹிஜாவ்' என்று இருந்தது; பச்சைக் கதவு என்று அர்த்தம். குரல் அவனுடையது.

இந்த முறை அவள் நிறுத்தாமல் இருந்தது துணிச்சலால் அல்ல, வார்த்தைகளால். பச்சைக் கதவுக்கு வெளியே பப்பாளி மரம் என்று பாடினான். மூங்கில் கழியில் வெள்ளைக் காலர்கள் காய்கின்றன என்றான். தலையில் நீலப் பட்டு நாடா முடிச்சுப் போட்டவள் சிரிக்கிறாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றான்.

வெனிங் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். பச்சை. ஜன்னலுக்கு வெளியே பப்பாளி. கூடுதல் வேலையாக வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சி போட்ட காலர்கள் கழியில் ஆடிக்கொண்டிருந்தன. தலையைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு அங்கேதான் இருந்தது. மெதுவாக எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியாததால், குளியலறையில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். அங்கிருந்தபடி நஸ்தித்தியை அழைத்தாள்.

நஸ்தித்தி இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்டாள். ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, இது நான் செஞ்சது" என்றாள்.

இரண்டு மாதம் முன்பு, கூடத்தின் இணையப் பக்கத்துக்காக அவள் ஒரு சின்ன வீடியோ எடுத்திருந்தாள். வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் என்று நாலு பேர். அதில் மூன்று நொடி வெனிங், பச்சைக் கதவருகே, காலர்களை எடுத்தபடி. எடுக்கலாமா என்று கேட்டபோது வெனிங் வழக்கம்போலச் சிரித்திருந்தாள். எல்லோரும் போடுகிற பாட்டைப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று நஸ்தித்தி பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்தாள். அந்த வாரம் எல்லோரும் போட்டது செனோவின் பாட்டு. அப்போது அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது.

ஒரு பாட்டை யார் யார் தங்கள் வீடியோவில் போட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பாட்டைத் தொட்டாலே வரிசையாக வந்துவிடும். பாட்டு பிடித்துக்கொண்ட பாடகன் அதைத்தான் முதலில் உட்கார்ந்து பார்ப்பான். ஒன்று விடாமல் பார்ப்பான். வெனிங் தன் காதைப் பொத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்தப் பாட்டே அவள் முகத்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்திருந்தது.

நஸ்தித்தி அழுதாள். வெனிங்குக்கு அழுகை வரவில்லை. பாட்டில் இருப்பதில் வீடியோவில் இல்லாதது ஏதாவது உண்டா என்று கேட்டாள். இருவரும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். இல்லை. சந்தின் பெயர் இல்லை, பள்ளிவாசல் இல்லை, பக்கத்துக் கடை இல்லை. ஆக வீட்டுக்கு அவன் வரவில்லை, இன்னும் வரவில்லை. ஆனால் வீடியோ போட்ட அந்த இணையப் பக்கத்தின் மேலேயே கூடத்தின் முகவரி இருந்தது.

நஸ்தித்தி வீடியோவை நீக்கினாள். பிறகு வெனிங்கின் கைப்பேசியை எடுத்து, 'பிந்து ஹிஜாவ்' பெயருக்குப் பக்கத்தில் இருந்த மூன்று புள்ளியை அழுத்தப் போனாள். வெனிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். இதையும் சாத்திட்டா அவன் என்ன பாடுறான்னு எனக்குத் தெரியாமப் போயிடும். வாசல்ல நிக்கிறப்பதான் தெரியும்."

"நீங்க சாத்துங்கக்கா. உங்களால கேக்க முடியாது. நான் கேக்குறேன். என் கணக்குல அவன் சொந்தப் பேரையும் இந்தப் புதுப் பேரையும் பின்தொடர்ந்துடுறேன், புதுசா எதைப் போட்டாலும் எனக்கு வந்துடும்."

அப்படியே செய்தார்கள். நஸ்தித்தி பின்தொடர்ந்த அடுத்த நிமிடமே அவன் பக்கத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் கண்ணில் பட்டது. வருகிற சனிக்கிழமை, மாலாங், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. தடுத்து வைத்தவளுக்கு அதைச் செயலி ஒருபோதும் சொல்லியிருக்காது.

திங்கட்கிழமை இருவரும் காவல் நிலையத்தில் பெண்களுக்கான பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி, பாட்டுப் பாடுவது குற்றமில்லையே என்றார். பச்சைக் கதவு இந்த ஊரில் பாதி வீட்டுக்கு இருக்கிறது என்றும் சொன்னார். வெனிங் பையிலிருந்து நான்கு வருடம் வைத்திருந்த மருத்துவமனைத் தாளையும் நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்து வைத்தாள். அவர் அதைப் படித்தார். குரல் மாறியது. புகாரைப் பதிந்துகொண்டு, தன் எண்ணை எழுதிக் கொடுத்து, வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றார். வருவதற்கு முன் ஒன்றும் செய்ய முடியாதா என்று நஸ்தித்தி கேட்டாள். அவர் தான் எழுதிய எண்ணின் அடியில் ஒரு கோடு போட்டார்.

அந்த வாரம் வெனிங் ஹர்தாத்திக்கின் வீட்டில் தங்கினாள். முழு விவரத்தையும் கேட்ட ஹர்தாத்திக், கூடத்துப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். யாரும் வெனிங்கிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் அவள் வெட்டுமேசையை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெரு மறுபடி நிறையும் நேரம். தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் வெனிங் ஒரு முனகலைக் கேட்டாள்.

ஒலிபெருக்கியாக இருக்கும் என்று அவள் மனம் ஒரு நொடி கெஞ்சியது. ஆனால் அதில் அவன் வர வழியில்லை, நஸ்தித்தி பார்த்துப் பார்த்து அடைத்திருந்தாள். எந்தப் பதிவிலும் இல்லாத மெட்டு இது. முன்கூடத்திலிருந்து வந்தது.

மின்கத்தியை அணைத்தாள். பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, அவளைத் துணிச் சுருள்கள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துப் போய் விட்டு, வாசலில் தானே நின்றுகொண்டாள். சுருள்களுக்கு இடையில் நின்று வெனிங் எல்லாவற்றையும் கேட்டாள்.

சீருடை ஆர்டர் கொடுக்க வந்தேன் என்றான். எந்தப் பள்ளிக்கு என்று ஹர்தாத்திக் கேட்டார். பள்ளி பெயர் சொல்லத் தடுமாறினான். எத்தனை உருப்படி, எத்தனையாம் வகுப்பு, அரைக்கையா முழுக்கையா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, நிதானமாக எழுதிக்கொண்டே போனார். உள்ளே நஸ்தித்தி காவல் அதிகாரி கொடுத்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாள்.

"வெனிங்னு ஒருத்தி இங்க வேலை செய்யுறால்ல?" என்றான்.

"இங்க வேலை செய்யுறவங்க பேரை நான் யாருக்கும் சொல்றதில்ல. நீங்க அளவு சொல்லுங்க."

அவன் சிரித்தான். காத்திருக்கிறேன் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தான். மறுபடி முனக ஆரம்பித்தான். துணிச் சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெனிங் ஒன்றே ஒன்றை எதிர்பார்த்து நின்றாள்: மெட்டு எப்போது நிற்கும்.

நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அதே கணத்தில் தையல் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. அறை வாசலில் நின்றவளும் சேர்ந்து பதினோரு பெண்கள் முன்கூடத்துக்குப் போனார்கள். சிலர் கையில் கத்தரிக்கோல் இருந்தது, வேலையிலிருந்து எழுந்து வந்ததால் இருந்தது. அவன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ போய்ச் சொல்ல, அந்தத் தெருவுக்குப் பொறுப்பான பகுதித் தலைவர் வந்தார், அவருக்குப் பின்னால் பத்து நிமிடம் கழித்து அந்த அதிகாரி வந்தார்.

காவல் நிலையத்தில் முத்திரைத் தாளில் எழுதி வாங்கினார்கள்: வெனிங்கின் வீட்டையோ வேலையிடத்தையோ அணுகமாட்டேன், அணுகினால் பழைய புகாரும் சேர்ந்து வழக்காகும். கையெழுத்துப் போட்டான். மறுநாள் மாலை அதே காப்பிக் கடையில் பாடினான். இடம் நிறைந்து தெருவில் நின்று கேட்டார்களாம். அந்தப் பச்சைக் கதவுப் பாட்டு இன்னும் இருக்கிறது. அதை நீக்கும்படி நஸ்தித்தி செயலிக்கு எழுதினாள். பாட்டு வரிகளில் யார் பெயரும் முகவரியும் இல்லை என்று பதில் வந்தது. தன் கணக்கில் தடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

வெனிங் வீட்டை மாற்றினாள். புது வீட்டின் கதவு என்ன நிறம் என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது, ஹர்தாத்திக்கைத் தவிர. அவளுடைய தடைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவை எவ்வளவு தூரத்துக்கு என்று இப்போது அவளுக்குத் தெரியும்: தன் அடுப்படி வரை, கூடத்து ஒலிபெருக்கி வரை. கடைகளில் அவன் பாட்டு போட்டால் எடுத்த சாமானை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறாள்.

திங்கட்கிழமை காலைகளில் நஸ்தித்தி வெட்டுமேசைப் பக்கம் வந்து, "புதுசா ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கேட்ட பிறகுதான் வெனிங் கத்தியை முடுக்குவாள். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை நஸ்தித்தி காய்ச்சலில் வரவில்லை, செய்தியும் அனுப்பவில்லை. துணியை நாற்பது மடிப்பாக விரித்து, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டு, பதினொரு மணி வரை வெனிங் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். ஹர்தாத்திக் வந்து பார்த்தார், அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொத்தான் எண்ண ஆரம்பித்தார்.